வாடகை ஒப்பந்த டிராஃப்டோடு என்ன எழுதி அனுப்புவது?

கேள்வி: தக்கலைக்குப் பக்கத்தில் அம்மா பெயரில் உள்ள வீட்டின் மாடியை ஒரு டீச்சர் குடும்பத்துக்கு வாடகைக்கு விடுகிறோம். மாதம் 9,500 ரூபாய், அட்வான்ஸ் 50,000 என்று பேசி முடித்தாயிற்று. பத்திர எழுத்தர் ஆறு பக்கத்துக்கு டிராஃப்ட் அடித்துத் தந்திருக்கிறார். அதை டீச்சருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். "பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட வாருங்கள் என்று மட்டும் போடு, போதும்" என்கிறான் துபாயில் இருக்கும் தம்பி. முக்கியமான விஷயங்களைச் சாதாரணத் தமிழில் எழுதி அனுப்பலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. எதை எழுத, எதை விட? டிராஃப்டையும் இணைத்திருக்கிறேன். முற்றத்துத் தென்னையில் தேங்காய் நாங்கள்தான் வெட்டுவோம், அதையும் எழுதலாமா?
– வாசகி, தக்கலை

அன்புள்ள சகோதரிக்கு,

எழுதியே அனுப்புங்கள். ஆறு பக்க ஒப்பந்தத்தை போன் திரையில் கடைசிவரை படிப்பவர்கள் மிகக் குறைவு. வாடகை, அட்வான்ஸ், தேதி மூன்றையும் பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். மீதியை வீடு காலி செய்கிற சமயத்தில்தான் எடுத்துப் படிப்பார்கள். என்னிடம் வரும் வாடகைத் தகராறுகளில் "இப்படி ஒன்று எழுதியிருந்ததே எனக்குத் தெரியாது" என்ற வார்த்தை வராத தகராறு அபூர்வம். அவர்கள் பொய் சொல்வதில்லை. உண்மையிலேயே யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இந்தக் குறிப்பால் உங்களுக்கும் ஒரு பலன் உண்டு. டீச்சருக்குப் புரிகிற மாதிரி எழுத வேண்டுமென்றால், முதலில் நீங்கள் டிராஃப்டைப் பிரிவு பிரிவாகப் படித்தாக வேண்டும். ஒரு தாளை எடுத்து, பிரிவு எண்ணைப் போட்டு, டீச்சரிடம் நேரில் சொல்வது போலப் பக்கத்தில் ஒரு வரி எழுதிப் பாருங்கள். எங்கே பேனா தயங்குகிறதோ அங்கே டிராஃப்டில் கோளாறு இருக்கிறது என்று பொருள். உங்கள் டிராஃப்டை நான் அப்படித்தான் படித்தேன். நான்கு இடங்களில் தயங்க வேண்டி வந்தது. இவற்றைச் சரிசெய்யாமல் குறிப்பு எழுத உட்காராதீர்கள்.

முதல் இடம், 4ஆம் பிரிவு. அட்வான்ஸ் எண்ணில் 50,000 என்றும் எழுத்தில் "நாற்பதாயிரம்" என்றும் இருக்கிறது. வேறு யாருக்கோ அடித்த பழைய பத்திரத்தில் எண்ணை மட்டும் மாற்றி, எழுத்தை மாற்றாமல் விட்டிருக்கிறார்கள். எண்ணும் எழுத்தும் முரண்பட்டால் எழுத்தில் உள்ள தொகைக்குத்தான் பொதுவாக எடை அதிகம். பத்தாயிரம் ரூபாய் இந்த ஒரு சொல்லில் தொங்குகிறது. இங்கே இன்னொரு விஷயமும் தெரிந்துகொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 2019 முதல் நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டம், அதாவது 2017ஆம் ஆண்டுச் சட்டம், வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது. உங்கள் கணக்கில் அது 28,500. நீங்கள் பேசியிருப்பது அதைவிட அதிகம். இரண்டு பேரும் மனமொத்து ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதினால்தான் அந்தத் தொகை நிற்கும். ஆகவே இந்தப் பிரிவில் ஓர் எழுத்துப் பிழைகூட இருக்கக் கூடாது.

இரண்டாவது இடம், 5ஆம் பிரிவு. "புதிய வாடகைதாரர் வந்து முன்பணம் செலுத்திய பின்னர் மேற்படி தொகை திருப்பி அளிக்கப்படும்" என்று இருக்கிறது. இதைச் சாதாரணத் தமிழில் எழுதினால், "நீங்கள் காலி செய்த பிறகு வேறு ஆள் கிடைக்கும்வரை உங்கள் 50,000 ரூபாயைத் தர மாட்டோம்" என்றாகிறது. டீச்சருக்கு இந்த வரியை அனுப்ப உங்களுக்கே மனம் வராது. அப்படி மனம் வராத இடத்தில் பலரும் செய்வது, குறிப்பில் "அட்வான்ஸ் விதிமுறைப்படி திருப்பித் தரப்படும்" என்று மழுப்பிவிடுவது. அதைச் செய்யாதீர்கள். நேராகச் சொல்லக் கூசுகிற பிரிவு என்றால் மாற்ற வேண்டியது பிரிவைத்தான். இங்கே சட்டமும் உங்களுக்கு வேறு வழி விடவில்லை. வாடகைதாரர் தரவேண்டிய பாக்கியைக் கழித்துக்கொண்டு, காலி செய்த ஒரு மாதத்துக்குள் மீதியைத் தர வேண்டும். அதே பிரிவில் பெயின்ட் அடிக்க "ஆகும் செலவு" கழிக்கப்படும் என்றும் போட்டிருக்கிறார்கள். எவ்வளவு ஆகும்? யார் சொல்கிற கணக்கு? நம் ஊரில் அட்வான்ஸ் சண்டை முளைப்பது இந்த இரண்டு சொற்களில்தான். ஒரு தொகையைப் பேசி முடித்து எழுதிவிடுங்கள். 5,000 என்று வைத்துக்கொண்டு கீழே மாதிரி தந்திருக்கிறேன்.

மூன்றாவது, 9ஆம் பிரிவும் 16ஆம் பிரிவும் ஒன்றோடொன்று மோதுகின்றன. 9இல், ஒரு மாதம் முன்னால் சொல்லிவிட்டு வாடகைதாரர் எப்போது வேண்டுமானாலும் காலி செய்யலாம். 16இல், 11 மாதம் முடியும் முன் போனால் இரண்டு மாத வாடகை பிடித்தம். 19,000 ரூபாய்! 9ஆம் பிரிவைப் படித்து நம்பியவர் கடைசிப் பக்கத்துக்கு வரும்போது ஏமாந்தது போலத்தான் உணர்வார். அதிலும் உங்கள் வீட்டுக்கு வருபவர் ஆசிரியை. மாறுதல் கலந்தாய்வில் இடம் மாறினால் அவர் என்ன செய்வார்? டிரான்ஸ்ஃபர் ஆணை வந்து போனால் பிடித்தம் இல்லை, வேறு காரணத்துக்காக நடுவில் போனால் ஒரு மாத வாடகை பிடித்தம் என்று ஒரே பிரிவாக எழுதி, 16ஐ எடுத்துவிடச் சொல்லுங்கள். உங்கள் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஒரு மாத நோட்டீஸ் கொடுத்ததும் அவர்கள் உடனே இறங்கியாக வேண்டும் என்கிற தொனியில் குறிப்பில் எதுவும் எழுதாதீர்கள். ஒப்பந்தக் காலத்துக்குள் அவர்கள் மறுத்தால், வாடகை பாக்கி, வீட்டை வேறு காரியத்துக்குப் பயன்படுத்துவது போலச் சட்டம் சொல்கிற காரணங்களைக் காட்டி வாடகை நீதிமன்றத்துக்குத்தான் போக முடியும். கரண்டையோ தண்ணீரையோ நிறுத்திக் காலி செய்ய வைப்பதைச் சட்டம் தடுக்கிறது.

நான்காவது, 11ஆம் பிரிவு: "அனைத்துப் பழுதுகளும் வாடகைதாரரின் பொறுப்பு." நம் மாவட்டத்தில் ஜூனில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு மழை. மாடி வீட்டுக்கு முதலில் வருகிற பிரச்சினை தளத்தில் ஒழுகுவது. அதையும் டீச்சர் செலவழித்துச் சரிசெய்ய வேண்டுமா? நீங்கள் அப்படி நினைக்கவில்லை என்பது உங்கள் கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது. ஆனால் டிராஃப்ட் அப்படித்தான் சொல்கிறது. சட்டத்தின் அட்டவணை நியாயமாகவே பிரித்திருக்கிறது. சுவர், தளம் போன்ற கட்டுமானப் பழுது, குழாய் லைன் மாற்றுவது, வயரிங் இவை வீட்டுக்காரருக்கு. குழாய்த் திருகும் வாஷரும், ஸ்விட்ச், பூட்டு, கைப்பிடி, அடைத்துக்கொண்ட சாக்கடை இவை குடியிருப்பவருக்கு. குடியிருப்பவர் உடைத்தது எதுவானாலும் அது அவர் செலவு. வெள்ளையடிப்பதுகூட அட்டவணைப்படி வீட்டுக்காரர் பொறுப்புத்தான். வேறு மாதிரி வேண்டுமென்றால் ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். பெயின்டுக்கு 5,000 என்று எண்ணோடு எழுதச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம்.

இப்போது தேங்காய்க்கு வருகிறேன். டிராஃப்டில் தென்னையைப் பற்றி ஒரு சொல் இல்லை. டிராஃப்டில் இல்லாததைக் குறிப்பில் மட்டும் எழுதினால் அது ஒப்பந்தம் ஆகாது. நாளைக்குக் கேள்வி வந்தால் கையெழுத்தான பத்திரத்தைத்தான் எல்லாரும் பார்ப்பார்கள். ஆகவே முதலில் ஒரு பிரிவைச் சேருங்கள். மரங்களின் பலன் வீட்டுக்காரருக்கு. வெட்டு அன்று ஆள் முற்றத்துக்குள் வரும் என்பதை முந்தின நாளே எழுதித் தெரிவிக்க வேண்டும். வீட்டுக்குள் நுழைவதற்குச் சட்டம் 24 மணி நேர எழுத்து அறிவிப்பு கேட்கிறது, முற்றத்துக்கும் அதையே வைத்துக்கொள்வது மரியாதை. நீங்கள் யோசிக்காத ஒன்று, அந்த மரங்களில் ஒன்று ஸ்கூட்டர் நிறுத்துகிற இடத்துக்கு மேலே இருக்கிறதா என்பது. இருந்தால் காய்ந்த மட்டையும் முற்றிய காயும் விழுவதற்கு முன் இறக்குவது உங்கள் பொறுப்பு என்று அதே பிரிவில் எழுதிவிடுங்கள். பலன் எடுப்பவர்தான் அதைச் செய்ய வேண்டும்.

கிணற்று மோட்டாரையும் மறக்க வேண்டாம். மாடிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் கீழ்வீட்டு மீட்டரிலா, மாடி மீட்டரிலா என்று பாருங்கள். உங்கள் மீட்டரில் ஓடினால் அவர்கள் மாதம் எவ்வளவு தருவார்கள், அவர்கள் மீட்டரில் ஓடினால் நீங்கள் எவ்வளவு தருவீர்கள் என்று முடிவு செய்து அதையும் பிரிவாக்குங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பில் வரும்போதெல்லாம் முகம் சுளிப்பதைவிட இது நல்லது.

இவ்வளவும் திருத்தி வந்த டிராஃப்டோடு போக வேண்டிய குறிப்பு ஏறக்குறைய இப்படி இருக்கலாம். தேதிகளையும் தொகைகளையும் உங்கள் பேச்சுப்படி மாற்றிக்கொள்ளுங்கள். பிரிவு எண்களைத் திருத்திய டிராஃப்டோடு ஒத்துப் பாருங்கள்.

"வணக்கம் டீச்சர். மாடி வீட்டு வாடகை ஒப்பந்தத்தின் டிராஃப்ட் இதோடு இருக்கிறது. கோப்பின் பெயர் 'வாடகை டிராஃப்ட் 2', ஆறு பக்கம். இது முடிவானது இல்லை. நீங்களும் சாரும் படித்துச் சரி என்று சொன்ன பிறகுதான் பத்திரத்தில் அடிப்போம். வீடு அம்மா பெயரில் இருப்பதால் அம்மாதான் கையெழுத்துப் போடுவார்கள். முக்கியமானவற்றை எளிதாகக் கீழே எழுதியிருக்கிறேன்.

அட்வான்ஸ் 50,000 ரூபாய், வட்டி இல்லை (பிரிவு 4). நீங்கள் காலி செய்து சாவி தந்த ஒரு மாதத்துக்குள் திருப்பித் தருவோம். வாடகை பாக்கி, கரண்ட் பாக்கி, உடைந்த பொருள் ஏதாவது இருந்தால் அதன் செலவு, பெயின்டுக்கு 5,000 ரூபாய் இவற்றை மட்டும் கழிப்போம் (பிரிவு 5). உதாரணத்துக்கு, வேறு பாக்கி எதுவும் இல்லாமல் கரண்ட் மட்டும் 640 ரூபாய் பாக்கி என்றால் உங்கள் கைக்கு 44,360 வரும்.

காலி செய்ய நினைத்தால் ஒரு மாதம் முன்னால் எழுதிச் சொல்லுங்கள், வாட்ஸ்அப் போதும். டிரான்ஸ்ஃபர் வந்து போனால் பிடித்தம் இல்லை. வேறு காரணத்துக்காக 11 மாதத்துக்கு முன் போனால் ஒரு மாத வாடகை, 9,500 ரூபாய், அட்வான்சில் பிடிப்போம் (பிரிவு 9). இந்த ஒரு பிரிவை நீங்கள் கட்டாயம் படித்துப் பார்க்க வேண்டும்.

வாடகை மாதம் 9,500, 5ஆம் தேதிக்குள் அம்மா கணக்கில் போட வேண்டும் (பிரிவு 3). ஒப்பந்தம் ஜூன் 1 முதல் ஏப்ரல் 30 வரை 11 மாதம். அதற்கு மேல் தொடர்ந்தால் புது ஒப்பந்தம் போட்டு வாடகையை 5 சதவீதம் கூட்டுவோம், 9,975 ஆகும் (பிரிவு 2).

தளம் ஒழுகினாலும் வயரிங், குழாய் லைன் கெட்டாலும் எங்கள் செலவு, எங்களிடம் உடனே சொல்லுங்கள். குழாய், ஸ்விட்ச், பூட்டு போன்ற சின்னப் பழுதுகள் உங்கள் செலவு (பிரிவு 11).

கரண்ட் பில் உங்கள் மீட்டர்படி நீங்கள் கட்ட வேண்டும். கிணற்று மோட்டார் கீழ்வீட்டு மீட்டரில் ஓடுவதால் அதற்கு மாதம் 150 ரூபாய் வாடகையோடு சேர்த்துத் தர வேண்டும் (பிரிவு 12). தென்னை மரங்களில் தேங்காய் நாங்கள் வெட்டிக்கொள்வோம், ஆள் வருவதை முந்தின நாளே சொல்வோம் (பிரிவு 13).

இது புரிவதற்காக நான் எழுதிய சுருக்கம். ஒப்பந்தத்தில் இருப்பதுதான் செல்லும். நான் எழுதியதற்கும் டிராஃப்டுக்கும் எங்காவது வித்தியாசம் தெரிந்தாலோ, ஏதாவது மாற்ற வேண்டும் என்றாலோ பிரிவு எண்ணைப் போட்டுப் பதில் அனுப்புங்கள். வேறு யாரிடமாவது காட்டிக் கேட்க வேண்டுமானால் தாராளமாகக் காட்டுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் சொன்னால் அடுத்த வாரத்தில் உங்களுக்குத் தோதான நாளில் கையெழுத்து வைத்துக்கொள்ளலாம்."

வரிசையைக் கவனித்திருப்பீர்கள். ஒப்பந்தம் காலத்திலும் வாடகையிலும் தொடங்கும், குறிப்பு அட்வான்சிலும் காலி செய்வதிலும் தொடங்குகிறது. வாடகை எவ்வளவு என்பது டீச்சருக்கு ஏற்கெனவே தெரியும். தெரியாததும், தெரியாவிட்டால் பணம் போவதும் முதலில் வர வேண்டும். பிடித்தம் உள்ள பிரிவை நீங்களே விரல் வைத்துக் காட்டுவது உங்களுக்குப் பாதகம் என்று தம்பி சொல்லக் கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. "இந்தப் பிரிவைப் படியுங்கள்" என்று நீங்கள் எழுதியதும், "பார்த்தேன், சரி" என்று அவர்கள் பதில் போட்டதும் உங்கள் போனில் இருக்கும். பின்னால் தகராறு வந்தால் வாட்ஸ்அப் செய்தியையும் மின்னணுச் சான்றாக, அதற்கான சான்றிதழோடு நீதிமன்றத்தில் காட்டலாம். அதே காரணத்தால் ஒரு தவறான வரியும் உங்களுக்கு எதிராகக் காட்டப்படும். ஆகையால் குறிப்பில் டிராஃப்டுக்கு மேல் ஒரு வாக்குறுதியும் வேண்டாம். "அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம் டீச்சர்" என்று ஆறுதலுக்காக எழுதுவதும் வாக்குறுதிதான்.

டிராஃப்டைத் திருத்த முடியாத கோப்பாக அனுப்புங்கள். திருத்தம் வந்தால் 'டிராஃப்ட் 3' என்று புதுப் பெயரில் அனுப்பி, எந்தப் பிரிவில் என்ன மாறியது என்று ஒரு வரி சேருங்கள். பழைய பெயரிலேயே மாற்றி அனுப்பினால் எது கடைசி என்று இரண்டு பக்கமும் குழம்பும். டீச்சர் எதையுமே கேட்காமல் "ஓகே" என்று மட்டும் போட்டால் ஒரு தடவை போன் செய்து, 5ஆம் பிரிவும் 9ஆம் பிரிவும் புரிந்ததா என்று கேட்டுவிடுங்கள்.

11 மாதம் என்பதால் பதிவு எதுவும் வேண்டாம் என்று உங்கள் பத்திர எழுத்தர் சொல்லியிருந்தால் அது பாதிதான் சரி. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்குத்தான் சார்பதிவாளர் அலுவலகப் பதிவு கட்டாயம். ஆனால் 2017 சட்டப்படி 11 மாத வாடகை ஒப்பந்தத்தையும் வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். tenancy.tn.gov.in என்ற இணையதளத்தில் விண்ணப்பித்தால் பதிவு எண் தருவார்கள். தக்கலை பத்மநாபபுரம் கோட்டத்தில் வருகிறது, இணையதளத்தில் அதற்கேற்பத் தேர்ந்தெடுங்கள். பதியாத ஒப்பந்தத்தைச் சான்றாகக் காட்டப் போனால் உங்களுக்கும் டீச்சருக்கும் ஒரே மாதிரிதான் சிக்கல். இதற்கு இரண்டு தரப்பின் அடையாள விவரங்களும் தேவை. கையெழுத்து நாள் முடிவானதும், ஆதார், பான் நகல்களை எதற்காகக் கேட்கிறீர்கள் என்று சொல்லித் தனியாகக் கேளுங்கள். முதல் குறிப்பிலேயே கேட்டுவைக்க வேண்டாம்.

கையெழுத்து அன்று அச்சான பத்திரத்தைக் கடைசியாக அனுப்பிய டிராஃப்டோடு வைத்து, தொகை உள்ள பிரிவுகளையாவது எண்ணும் எழுத்துமாக ஒருவர் வாசிக்க மற்றவர் சரிபாருங்கள். அம்மாவும் டீச்சரும் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போடட்டும், இரண்டு சாட்சிகள் இருக்கட்டும். ஆளுக்கொரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். சாவி கொடுக்கும்போது மாடி மீட்டரின் ரீடிங்கைப் படம் எடுத்து, பெயின்டும் கதவுகளும் எப்படி இருக்கின்றன என்று நாலைந்து படங்களோடு அதே வாட்ஸ்அப் உரையாடலில் போட்டுவிடுங்கள்.